நீரில் மூழ்கிய பம்பு மோட்டார்: மறுசுற்றா, புது மோட்டாரா?

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மகாராஷ்டிர மாநிலத்தின் கோலாப்பூர், சாங்லி மாவட்டங்களில் பஞ்சகங்கை, கிருஷ்ணை ஆகிய நதிகள் பெருகிக் கரை கடந்தபோது, கரும்பு வயல்களுக்கு நீரேற்றும் பம்பு நிலையங்களும் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய வெள்ளம் வடிந்தவுடன் ஒவ்வொரு நிலையத்திலும் எழும் வினா ஒன்றே: மோட்டாரைப் பழுது பார்ப்பதா, காயிலை அவிழ்த்து மறுசுற்றுச் சுற்றுவதா, அல்லது புது மோட்டார் வாங்குவதா? பெரும்பாலும் இவ்வினாவிற்கு விடை அளவையினால் கிடைப்பதில்லை. மோட்டாரின் தோற்றத்தினாலும், பட்டறைக்காரரின் ஒரு சொல்லினாலும் கிடைக்கிறது. சேறு படிந்த மோட்டார் அனைத்தும் எரிந்த மோட்டார் என்று எண்ணி, நல்ல நிலையிலுள்ள செம்புக் கம்பியை வெட்டியெறிவது அடிக்கடி நிகழும் தவறாகும்.

இதைத் தவிர்க்க இரண்டு அளவைகள் போதும். ஒன்று, கம்பிச்சுருளின் மின்தடை. மற்றொன்று, சுருளுக்கும் மோட்டாரின் இரும்புக் கூட்டிற்கும் இடையேயுள்ள காப்புத் தடை. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுவன என்பதை மனத்தில் நன்கு பதித்துக் கொள்ள வேண்டும். கம்பி முழுமையாக உள்ளதா, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிவிட்டனவா என்பதை மின்தடை கூறும். மின்சாரம் கம்பியை விட்டு இரும்பிற்குக் கசிகிறதா என்பதைக் காப்புத் தடை கூறும். ஒன்று நன்றாயிருப்பதால் மற்றதும் நன்றாயிருக்கும் என்று முடிவு செய்தல் கூடாது.

நதிக்கரை நிலையம் ஒன்றில் ஒரே வகையைச் சேர்ந்த இரு மோட்டார்கள் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொன்றும் 7.5 குதிரைத்திறன், அதாவது 5.5 கிலோவாட்; 415 வோல்ட்டு, மூன்று பேஸ், டெல்டா இணைப்பு, நிமிடத்திற்கு 1440 சுற்று, முழுச் சுமையில் 11 ஆம்பியர். முதல் மோட்டார் வெள்ளம் வடிந்தபின் தொடப்படவில்லை. இரண்டாவது மோட்டாரை இரண்டு நாள் வெயிலில் வைத்த பின்னர், இயக்குபவர் சோதனை ஏதுமின்றி ஸ்டார்ட்டரை அழுத்தினார். அது சில நிமிடங்கள் உறுமலுடன் ஓடியபின் ரிலே அதை நிறுத்திவிட்டது.

முதலில் காப்புத் தடையை அளக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பியூஸ்களைக் கையில் எடுத்துக் கொண்ட பின்னரே முனைப்பெட்டியைத் திறத்தல் வேண்டும். 415 வோல்ட்டு மோட்டாருக்கு 500 வோல்ட்டு மெக்கர் உரியது. ஸ்டார்ட்டர் அறையிலிருந்தே கேபிளின் முனையில் மெக்கரை வைத்து அளப்பது வசதியான பழக்கம்; ஆனால் வெள்ளத்திற்குப் பின் அது தவறான முடிவிற்கு இழுத்துச் செல்லும். கேபிள் இணைப்பில் நீர் புகுந்திருந்தால் அதன் கசிவும் மோட்டாரின் குறையாகவே தோன்றும். ஆகையால் கேபிளை மோட்டாரின் முனைப்பெட்டியிலேயே கழற்றி, முனைப்பலகையின் மீதுள்ள சேற்றை நன்னீரால் கழுவி உலரத் துடைத்து, அதன்பின் அளக்க வேண்டும். டெல்டா இணைப்பிற்கான பித்தளைத் தகடுகளையும் கழற்றிவிட்டால் மூன்று சுருள்களும் தனித்தனியாகி, ஆறு முனைகள் கிடைக்கும். ஒவ்வொரு சுருளையும் கூட்டிற்கு எதிராகவும், பின்னர் சுருளுக்குச் சுருளாகவும் அளக்கலாம். கைமெக்கராயின் கைப்பிடியைச் சீராக ஒரு நிமிடம் சுழற்றி, நிமிட முடிவில் உள்ள அளவையே குறித்தல் வேண்டும். அளந்த பின் சுருளைச் சிறிது நேரம் கூட்டோடு இணைத்து, அதில் தங்கிய மின்னேற்றத்தைப் போக்க வேண்டும்.

முன்னாட்களில் குறைந்தபட்சக் காப்புத் தடைக்குக் கூறப்பட்ட விதி, மின்னழுத்தத்தைக் கிலோவோல்ட்டில் எழுதி அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மெக்ஓம் என்பது. 415 வோல்ட்டிற்கு அது ஏறக்குறைய 1.4 மெக்ஓம் ஆகும். இன்று 1000 வோல்ட்டிற்குக் குறைந்த, கையால் சுற்றிச் செருகிய சுருள்களைக் கொண்ட மோட்டாருக்கு, சுருள் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போது 5 மெக்ஓம் என்பதே ஏற்கப்படும் குறைந்தபட்ச அளவாகும். வெப்பநிலையைக் குறிப்பிடாத காப்புத் தடை அளவு பயன்படாது. ஏனெனில் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் காப்புத் தடை ஏறக்குறையப் பாதியாகும். 28 டிகிரியில் 12 மெக்ஓம் காட்டும் சுருள் 40 டிகிரியில் 5 மெக்ஓமிற்குச் சற்று மேல் மட்டுமே காட்டும்.

எடுத்துக்கொண்ட இரு மோட்டார்களுள் முதலாவது 28 டிகிரியில் 0.05 மெக்ஓம் காட்டிற்று. இரண்டாவது 14 மெக்ஓம் காட்டிற்று. இந்த அளவையோடு நிறுத்திவிட்டால், முதல் மோட்டார் கெட்டது, இரண்டாவது நல்லது என்ற முடிவே தோன்றும். உண்மை இதற்கு நேர் எதிரானது.

அடுத்து மின்தடை. இந்த அளவுள்ள மோட்டாரில் ஒரு சுருளின் மின்தடை இரண்டு, மூன்று ஓம் அளவிலேயே இருக்கும். சாதாரண மல்டிமீட்டர் ஓமில் பத்தில் ஒரு பங்கு வரையே காட்டும். அதன் கம்பிகளுக்கே 0.2 அல்லது 0.3 ஓம் உண்டு. ஆகையால் அதைக் கொண்டு சுருள் அறுந்துள்ளதா இல்லையா என்று கூறலாமேயன்றி, சுருள்களுக்கிடையே உள்ள சிறு வேற்றுமையைக் கூற இயலாது. கெல்வின் பிரிட்ஜ் அல்லது நான்கு கம்பி ஓம்மானி இருந்தால் நன்று. இல்லாத இடத்தில் ஒரு 12 வோல்ட்டு பேட்டரியும், 10 வாட்டு வாகன பல்பு ஒன்றும், மல்டிமீட்டரின் வோல்ட்டு அளவையும் போதுமானவை.

இம்முறை எளிது, பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்து காட்டத் தக்கது. மூன்று சுருள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் சேர்த்து, பல்பையும் பேட்டரியையும் அதனுடன் தொடராக இணைக்க வேண்டும். மூன்றிலும் ஒரே மின்னோட்டமே பாய்வதால், ஒவ்வொரு சுருளின் இரு முனைகளுக்கிடையே காணும் வோல்ட்டு அதன் மின்தடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். சுருள்களை ஒப்பிடுவதற்கு மின்னோட்டத்தின் அளவே வேண்டியதில்லை. வோல்ட்டுமானியின் ஊசிகளை இணைப்புக் கம்பியின் மீது வைக்காமல், சுருளின் சொந்த முனையின் மீதே வைத்தல் முக்கியம். இல்லையெனில் துருப்பிடித்த நட்டின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். பல்பு இருப்பதால் மின்னோட்டம் ஓர் ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சுருள் சூடேறி அளவை மாற்றுவதற்கு இடமில்லை. ஓர் எச்சரிக்கை: பேட்டரியைத் துண்டிக்கும் முன் வோல்ட்டுமானியை எடுத்துவிட வேண்டும். இரும்பில் சுற்றிய சுருளில் மின்னோட்டம் திடீரென அறுந்தால் எழும் அழுத்தம் மானியையும் கெடுக்கும், கையையும் உதறச் செய்யும்.

முதல் மோட்டாரின் மூன்று சுருள்களில் 1.54, 1.53, 1.54 வோல்ட்டு கிடைத்தது. தொடரிலிருந்த ஆம்பியர்மானி 0.64 காட்டிற்று. 1.54-ஐ 0.64-ஆல் வகுக்க 2.41 ஓம் வருகிறது. இரண்டாவது மோட்டாரிலோ 1.54, 1.41, 1.54 வோல்ட்டு. நடுச் சுருளில் எட்டரை விழுக்காட்டிற்கு நெருங்கிய குறைவு காணப்படுகிறது. கையால் சுற்றிய சுருள்களில் சராசரியிலிருந்து இரண்டு விழுக்காடு வேற்றுமை இயல்பு. ஐந்தைத் தாண்டினால் பழுது உண்டு என்று கொள்ளலாம். மேலும் இம்மோட்டாரின் ஸ்டேட்டரில் 36 ஸ்லாட்டுகளும் பேஸுக்கு 12 காயில்களும் உள்ளன. 1.54-இல் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்தால் 1.41 வருகிறது. எனவே ஒரு முழுக் காயிலுக்குச் சமமான சுற்றுகள் தமக்குள் ஒட்டிப் போயுள்ளன என்று தெளியலாம். நனைந்த எனாமலின் மீது 415 வோல்ட்டு பாய்ந்ததன் விளைவு இது. ஒட்டிய சுற்றுகள் இரும்பைத் தொடவில்லை. ஆகையால் மெக்கருக்கு அவை புலப்படவில்லை.

டெல்டா தகடுகளைக் கழற்றாமல் அளப்பவர்கள் இவ்விடத்தில் ஏமாறக்கூடும். தகடுகள் இருக்கும்போது ஒரு சுருளோடு மற்ற இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து நிற்கும்; நல்ல மோட்டாரிலும் இரு முனைகளுக்கிடையே சுருளின் மின்தடையில் மூன்றில் இரண்டு பங்கே, அதாவது 1.61 ஓமே, காணப்படும். இரண்டாவது மோட்டாரில் 1.58, 1.51, 1.58 என்ற அளவுகள் வரும். எட்டரை விழுக்காடு வேற்றுமை நான்கரைக்குச் சுருங்கிவிட்டது! மூன்று முனைகள் மட்டுமே வெளியே கொண்டுவரப்பட்ட மானோபிளாக் பம்புகளில் வேறு வழியில்லை. அங்கு மூன்று விழுக்காடு வேற்றுமையையும் ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

இந்த அளவைக்கும் ஓர் எல்லையுண்டு. இருநூறுக்கு மேற்பட்ட சுற்றுகளில் ஓரிரண்டு மட்டும் ஒட்டியிருந்தால் வேற்றுமை ஒரு விழுக்காட்டிற்குள் மறைந்துவிடும். அதைக் காண, பெரிய பட்டறைகளில் உள்ள சர்ஜ் சோதனைக் கருவி வேண்டும். அது இல்லாவிடில், மோட்டாரைச் சுமையின்றி ஓட்டி மூன்று பேஸ்களின் மின்னோட்டத்தையும் கிளாம்ப் மீட்டரால் ஒப்பிட்டு, நிறுத்தியவுடன் ஸ்டேட்டரில் ஓரிடம் மட்டும் அதிகச் சூடாயுள்ளதா என்று பார்ப்பதே வழி. காப்புத் தடை சரியான பின்னரே இதைச் செய்யலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முதல் மோட்டாருக்கு மறுசுற்றும் தேவையில்லை, புது மோட்டாரும் தேவையில்லை. உலர்த்தலே போதும் என்று துணியலாம். ரோட்டரை வெளியே எடுத்து, ஸ்டேட்டரின் சேற்றை அதிக அழுத்தமில்லாத நன்னீரால் கழுவ வேண்டும். சேறு உலர்ந்து ஸ்லாட்டில் தங்கினால் அது பின்னர் ஈரத்தை இழுத்துக் கொண்டேயிருக்கும். பேரிங்குகளை மாற்றிவிடுதல் நன்று. பிறகு ஸ்டேட்டரை ஓவனிலோ, காற்று வெளியேற வழி வைத்த தகரப் பெட்டியில் இழை பல்புகளை எரியவிட்டோ சூடாக்கலாம். சுருளின் வெப்பம் 80 முதல் 90 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் உட்புகுந்த நீர் ஆவியாகிக் காப்பைப் பிளந்துகொண்டு வெளிவரும்.

சுருளின் உள்வெப்பத்தை எவ்வாறு அறிவது? வெளியே வைத்த வெப்பமானி அதைக் கூறாது. ஆனால் செம்பே கூறும். செம்பின் மின்தடை, அதன் வெப்பநிலையுடன் 234.5-ஐக் கூட்டிவரும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 28 டிகிரியில் 2.41 ஓம் என்று அறிந்துள்ளபடியால், 85 டிகிரியில் அது 2.41-ஐ 319.5-ஆல் பெருக்கி 262.5-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.93 ஓம் ஆகும். பல்பு முறையில் அவ்வப்போது அளந்து, 2.93 வந்தவுடன் பல்புகளில் ஒன்றிரண்டை அணைத்துச் சூட்டைக் காக்கலாம்.

உலர்த்தும்போது காப்புத் தடை முதலில் குறைவதைக் கண்டு பலர் அஞ்சிக் கைவிடுகின்றனர். சூடேறுவதால் அது குறைவது இயல்பே. உள்ளிருந்து ஈரம் மேற்பரப்பிற்கு நகர்வதும் அதைக் குறைக்கும். இம்மோட்டாரில் 0.05 மெக்ஓம் ஆறு மணி நேரத்தில் 0.02 ஆயிற்று, அந்நிலையிலேயே நெடுநேரம் நின்றது, 18-ஆம் மணியில் 0.1, 30-ஆம் மணியில் 0.5, 36-ஆம் மணியில் 0.6 என ஏறி, பின்னர் அசையாமல் நின்றது. 0.6 என்ற எண் சிறிதாகத் தோன்றினும் அது 85 டிகிரியில் எடுத்த அளவு. 40 டிகிரிக்கு இறங்கும்போது நான்கரை முறை இரட்டிக்கும். ஏறக்குறைய 13 மெக்ஓம் கிடைக்கும். தேவையான 5-க்கு மேல் இது போதியது. அளவு மேலும் ஏறாமல் சில மணி நேரம் நிலைத்து நிற்பதே உலர்ந்ததற்கு அடையாளம். இளஞ்சூட்டிலேயே ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்து மீண்டும் உலர்த்தினால் மோட்டார் பணிக்குத் தயார். நாற்பது மணி நேரம் உலர்த்தியும் 0.1-ஐத் தாண்டாத மோட்டாராயிருந்தால், காப்புத் தாளும் வார்னிஷும் ஊறிக் கெட்டுவிட்டன என்று கொண்டு மறுசுற்றைப் பற்றி எண்ணலாம்.

இரண்டாவது மோட்டாருக்கு உலர்த்தல் உதவாது. மறுசுற்றா, புது மோட்டாரா என்ற வினா இதற்கே உரியது. முதலில் இரும்பைப் பார்க்க வேண்டும். ரோட்டர் உரசி ஸ்டேட்டரின் தகடுகள் மழுங்கி ஒன்றாகியிருந்தாலோ, ஸ்லாட்டின் வாயில் செம்பு உருகி ஓடியிருந்தாலோ, சூட்டினால் தகடுகள் நீலம் பாரித்திருந்தாலோ, அதில் புதுக் கம்பி சுற்றுவது வீண். பலமுறை சுற்றப்பட்ட மோட்டாரையும் ஐயத்துடன் நோக்க வேண்டும். பழைய காயிலை நெருப்பிட்டு எரித்தெடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இரும்பு ஏறக்குறைய 360 டிகிரியைத் தாண்டினால் தகடுகளுக்கிடையேயுள்ள மெல்லிய காப்புப் பூச்சு அழிந்து, இரும்பிலேயே மின்சாரம் வீணாகும். அந்த இழப்பை எந்தப் புதுக் கம்பியும் ஈடு செய்யாது.

இரும்பு நன்றாயிருப்பின் கணக்கிற்கு வரலாம். 5.5 கிலோவாட்டு, நான்கு துருவ மோட்டாருக்கு ஐ.ஈ.1 வகுப்பில் பயனுறுதிறன் 84.7 விழுக்காடு, ஐ.ஈ.3 வகுப்பில் 89.6. பம்பிற்கு 5 கிலோவாட்டு தேவையெனில் முதலாவது 5.90 கிலோவாட்டும், இரண்டாவது 5.58 கிலோவாட்டும் இழுக்கும். ஆண்டிற்கு 2000 மணி நேரம் ஓடினால் 640 யூனிட் மிச்சம் என்று விற்பனையாளர் கணக்கிடுவார். இக்கணக்கு முழுமையன்று. திறன் மிக்க மோட்டார் பெரும்பாலும் சற்று வேகமாகச் சுழலும். 1440-க்குப் பதில் 1460 சுற்று எனில், பம்பு இழுக்கும் ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறுவதால் நான்கு விழுக்காடு கூடிவிடும். 5 கிலோவாட்டு 5.21 ஆகி, மோட்டார் 5.81 இழுக்கும். மிச்சம் 640-லிருந்து 180 யூனிட்டாகக் குறைகிறது. நீரும் சற்று அதிகமாக வரும் என்பது மெய். பாய்ச்சும் நேரத்தைக் குறைத்தால் அந்தப் பயன் கிட்டும், குறைக்காவிடில் கிட்டாது.

ஆகவே ஓடும் மணி நேரமே தீர்ப்பளிக்கிறது. எடுத்துக்காட்டிலுள்ள இரண்டாவது மோட்டார் துணைப் பம்பிற்கு உரியது, ஆண்டிற்கு 500 மணிக்கு மேல் ஓடுவதில்லை, இரும்பு பழுதற்றது, இதற்கு முன் சுற்றப்பட்டதுமில்லை. புது மோட்டாருக்கு ஆகும் கூடுதல் பணத்தை மின்சாரச் சிக்கனத்தால் ஈடு செய்ய மிக நெடுங்காலம் பிடிக்கும். மறுசுற்றே தக்கது. அது நாள் முழுவதும் ஓடும் குடிநீர்ப் பம்பாயிருந்து, யூனிட்டுக்கு முழுக் கட்டணம் செலுத்துவதாயிருந்தால் முடிவு வேறாகும்.

பட்டறைக்கு அனுப்புமுன் ஒரு வேலை மீதமுள்ளது. பழுதற்ற சுருளின் மின்தடை 28 டிகிரியில் 2.41 ஓம் என்பதை வேலை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். காயில் ஒன்றுக்கான சுற்றுகளையும், கம்பியின் கனத்தையும், இணைத்துச் சுற்றிய இழைகளின் எண்ணிக்கையையும் பழைய காயிலை அவிழ்க்கும்போது எண்ணிக் குறிக்கும்படி கேட்க வேண்டும். மோட்டார் திரும்பி வந்தபோது 30 டிகிரியில் மூன்று சுருள்களும் 2.75 ஓம் காட்டின. 28 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 2.73, முன்னதைவிட 13 விழுக்காடு அதிகம். மூன்றும் சமமாயிருந்தபடியால் பட்டறையின் சோதனையில் இது தேறிவிட்டது. ஆயினும் மெல்லிய கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. முழுச் சுமையில் ஒவ்வொரு சுருளிலும் 6.35 ஆம்பியர் பாய்வதால், இந்த 0.32 ஓம் வேற்றுமை ஏறக்குறைய 40 வாட்டு வீண் வெப்பத்தை எந்நேரமும் சுருளுக்குள் உண்டாக்கும். சுருள் சூடேறியபின் இன்னும் சற்று அதிகமாகும். மின்கட்டணத்தைவிடக் காப்பின் ஆயுளையே இது மிகுதியாகக் குறைக்கும்.

மின்தடை குறைந்து வந்தாலும் மகிழ்ச்சிக்கு இடமில்லை. கம்பி கனமாயிருப்பதால் குறைந்ததா, சுற்றுகளைக் குறைத்ததால் குறைந்ததா என்பதைச் சுமையற்ற மின்னோட்டத்தால் அறியலாம். சுற்றுகள் குறைந்திருந்தால் அந்த மின்னோட்டம் முன்னைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கும்.

மோட்டார் உத்தரவின் நகலுடன் திருப்பியனுப்பப்பட்டு, உரிய கம்பியால் மீண்டும் சுற்றப்பட்டது. இம்முறை 29 டிகிரியில் 2.44, 2.43, 2.44 ஓமும், காப்புத் தடை 200 மெக்ஓமிற்கு மேலும் கிடைத்தன. இந்த எண்களும், தேதியும், சுருளின் வெப்பநிலையும் முனைப்பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதப்பட்டன. முதல் மோட்டாரின் மூடியிலும் அவ்வாறே 2.41 ஓம், 28 டிகிரி என்று எழுதி வைக்கப்பட்டது.